செங்காவி எழுத்தும் ஆறு நடுவர்களும்

மதிப்பெண் இடுவதற்கான சட்டகத்தைக் கல்வித்துறையில் 'ரூப்ரிக்' என்கிறார்கள். செங்காவி மண்ணைக் குறித்த 'ரூப்ரிகா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. இடைக்கால ஐரோப்பிய மடங்களில் ஏடெழுதியவர்கள் தலைப்புகளைச் சிவப்பு மையில் எழுதினர். வழிபாட்டு நூல்களில் குருவானவர் எப்போது எழ வேண்டும், எப்போது மண்டியிட வேண்டும் என்ற குறிப்புகளும் சிவப்பில் இருந்தன. கறுப்பில் இருப்பது ஓதுவதற்கு. சிவப்பில் இருப்பது செய்வதற்கு. ரூப்ரிக் என்பது ஓதுகிறவருக்கு இடப்பட்ட கட்டளை. பரீட்சை உலகத்துக்கு வந்த பிறகு அது மாணவருக்கான கட்டளை என்று நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது நடுவருக்கான கட்டளை.

இதை நாம் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தோம். சென்ற ஆண்டு ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு நடுவராக அழைக்கப்பட்டோம். நம்முடன் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர், வங்கி ஊழியர், வேதியியல் ஆய்வு மாணவர், முன்னாள் மாணவியான ஒரு தாய் என ஐவர். தமிழ் படித்தவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நம்மிடம் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கிடைத்தவர்களை அழைத்தார்கள், அவ்வளவே. கையில் தரப்பட்ட தாளில் நான்கு தலைப்புகள்: அறிவியல் சிந்தனை, படைப்பாற்றல், செய்நேர்த்தி, விளக்கும் திறன். தலைப்புக்கு 25 மதிப்பெண்.

எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மூன்று பாத்திரங்களில் தண்ணீர் வைத்திருந்தாள். ஒன்று சாதாரண மண்பானை, ஒன்று வெளிப்புறம் எண்ணெய்ச் சாயம் பூசிய அதே அளவுப் பானை, மற்றொன்று எவர்சில்வர். ஐந்து நாட்கள், நாளுக்கு நான்கு முறை வெப்பநிலையை அளந்து காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருந்தாள். மூன்றாம் நாள் மழை. அன்று மண்பானைக்கும் சாயம் பூசிய பானைக்கும் வேறுபாடு மிகவும் குறைந்துவிட்டது. அதை அழிக்காமல், "ஈரக் காற்று காரணமாக இருக்கலாம்" என்று பக்கத்தில் எழுதிவைத்திருந்தாள். அவளுக்கு மூன்று நடுவர்கள் இட்ட மதிப்பெண்கள்: 41, 58, 83. 41 இட்டவர் செய்நேர்த்தியைப் பார்த்தார். 83 இட்டவர் செவிலியர். நோயாளியின் வெப்பநிலை அட்டையை நாள்தோறும் எழுதுகிறவர் என்பதால் அந்தக் காலண்டர் தாளின் அருமை அவருக்குத் தெரிந்தது. 58 இட்டது நாம்தாம். 'ஆவியாதல்' என்ற சொல்லை அவள் இரண்டு இடங்களில் பிழையாக எழுதியிருந்தாள். பரிசு, ஊசிக்குழல்களால் இயங்கும் ஜேசிபி இயந்திர மாதிரிக்குப் போயிற்று.

இந்த முரண்பாடு புதிதன்று. 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சிஸ் எட்ஜ்வர்த் என்ற பொருளியலறிஞர், வானியலாளர்கள் விண்மீன்களை அளக்கும்போது நேரும் பிழைகளுக்குரிய கணிதத்தைத் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பொருத்திப் பார்த்தார். ஒரே இலத்தீன் உரைநடைப் பயிற்சியைத் தேர்ந்த தேர்வாளர் 28 பேரிடம் அளித்தபோது மதிப்பெண்கள் 45-இல் தொடங்கி 100 வரை சென்றன. இது இலக்கியம், ரசனை சார்ந்தது என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் 1913-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் டேனியல் ஸ்டார்ச்சும் எட்வர்ட் எலியட்டும் வடிவியல் விடைத்தாள் ஒன்றைப் படியெடுத்து ஆசிரியர்களுக்கு அனுப்பினர். 116 பேர் திருத்தினர். நூற்றுக்கு 28 இட்டவரும் உண்டு, 90-க்கு மேல் இட்டவரும் உண்டு. சிலர் விடையைப் பார்த்தனர், சிலர் வழிமுறையைப் பார்த்தனர், சிலர் படம் அலங்கோலமாக இருந்ததற்குக் கழித்தனர்.

இந்த ஆய்வுகள் நோயைக் காட்டின. நோயின் பெயரைச் சொல்லவில்லை. நடுவர்கள் கவனக்குறைவானவர்கள் என்றே பலரும் முடிவுகட்டினர். அதை மாற்றியது 1961-இல் வந்த ஓர் ஆய்வு. எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் என்ற அமெரிக்கத் தேர்வு நிறுவனத்தில் பணியாற்றிய பால் டீடரிக், இருவருடன் சேர்ந்து கல்லூரி முதலாண்டு மாணவர்களின் கட்டுரைகள் 300-ஐ எடுத்துக்கொண்டார். படிக்க 53 பேர்: ஆங்கில ஆசிரியர் 10, சமூக அறிவியலார் 9, இயற்கை அறிவியலார் 8, எழுத்தாளர்களும் பதிப்பாசிரியர்களும் 10, வழக்கறிஞர் 9, நிறுவன நிர்வாகிகள் 7. கட்டுரைகளைத் தரவாரியாக ஒன்பது அடுக்குகளாகப் பிரியுங்கள் என்று மட்டும் சொன்னார்கள். எது நல்ல கட்டுரை என்பதற்கு எந்த விளக்கமும் தரவில்லை. 101 கட்டுரைகள் ஒன்பது அடுக்குகளிலும் ஒவ்வொருவர் கையால் ஒருமுறையேனும் விழுந்தன. ஏறத்தாழ எல்லாக் கட்டுரைகளும் குறைந்தது ஏழு வெவ்வேறு தரங்களைப் பெற்றன.

இத்துடன் நின்றிருந்தால் எட்ஜ்வர்த்தின் கதையே மீண்டும். டீடரிக் குழுவினர் அடுத்து, யாருடைய தீர்ப்பு யாருடைய தீர்ப்போடு ஒத்துப்போகிறது என்று கணக்கிட்டனர். குழப்பத்துக்குள் ஓர் ஒழுங்கு தெரிந்தது. படித்தவர்கள் ஐந்து குழுக்களாகப் பிரிந்தனர். ஒரு குழு கருத்துகளைப் பார்த்தது. ஒரு குழு கட்டமைப்பை. ஒரு குழு சொல்லாட்சியை. ஒரு குழு எழுதியவரின் தனிச்சுவையை. இன்னொரு குழு இலக்கணம், நிறுத்தற்குறி, எழுத்துப்பிழை ஆகியவற்றை. கடைசிக் குழுவில் ஆங்கில ஆசிரியர் பலர் இருந்தனர். 'ஆவியாதல்' நினைவுக்கு வருகிறது.

ஆக, 53 பேரும் கவனமாகவே படித்தனர். ஆனால் வெவ்வேறு பொருள்களைக் கவனித்தனர். முதல் நோய்க்கு மருந்து எச்சரிக்கை. இரண்டாவதற்கு மருந்து, எதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதித் தருவது. டீடரிக் பின்னர் உருவாக்கிய அளவுகோலில் கருத்து, அமைப்பு இரண்டுக்கும் பத்துப் பத்து, சொல்லாட்சி, தனிச்சுவை, மொழிவழக்கு, நிறுத்தற்குறி, எழுத்துப்பிழை, கையெழுத்து ஆறுக்கும் ஐந்தைந்து என 50 மதிப்பெண். இன்று எந்தப் பள்ளியில் எந்தக் கட்டம் போட்ட மதிப்பெண் தாளைப் பார்த்தாலும் அதில் இந்தத் தாளின் சாயல் உண்டு.

அறிவியல் கண்காட்சிகளின் வரலாறு இதற்கு இணையாக ஓடுகிறது. 1928-இல் நியூயார்க்கின் அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் என்ற பழைய அமைப்பு, இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சிறுவர் கண்காட்சி ஒன்றை நடத்தியது. 1950-இல் ஃபிலடெல்ஃபியாவில் சயின்ஸ் சர்வீஸ் நடத்திய முதல் தேசியக் கண்காட்சிக்கு 13 கண்காட்சிகளிலிருந்து 30 மாணவர்கள் வந்தனர். அது வளர்ந்து இன்றைய பன்னாட்டுக் கண்காட்சியாயிற்று. அங்கே நெடுங்காலம் இருந்த பங்கீடு: படைப்பாற்றல் 30, அறிவியல் சிந்தனை 30, முழுமை 15, திறன் 15, தெளிவு 10. 2010-களில் இதை மாற்றினர். புதிய பங்கீட்டில் ஆய்வு வினாவுக்கு 10, திட்டமிட்ட முறைக்கு 15, செயல்படுத்தியதற்கு 20, படைப்பாற்றலுக்கு 20, சுவரொட்டிக்கு 10, நேர்காணலுக்கு 25. இந்த மாற்றத்தை நின்று பார்க்க வேண்டும். பழைய தாளில் இருந்தவை பெரும்பாலும் மாணவரின் குணங்கள்: சிந்தனை, ஆற்றல், திறன். புதிய தாளில் இருப்பவை பெரும்பாலும் வேலையின் கட்டங்கள். குணத்தை ஊகிக்க வேண்டும். கட்டத்தைப் பார்க்க முடியும்.

நம் நாட்டு மரபு வேறொரு திசையிலிருந்து வந்தது. 1971 முதல் என்.சி.இ.ஆர்.டி. நடத்திவந்த தேசியக் கண்காட்சியின் வழிகாட்டுதல்களில் குழந்தையின் சொந்தக் கற்பனைக்கு 20 விழுக்காடு. புதுமை, அறிவியல் கோட்பாடு, செய்நேர்த்தி, பயன்பாடு ஒவ்வொன்றுக்கும் 15. குறைந்த செலவு, எடுத்துச்செல்லும் எளிமை, நீடித்த உழைப்பு ஆகியவற்றுக்கு 10. விளக்கிக் காட்டுவதற்கு 10. இது காட்சிப்பொருளுக்கான தாள். நல்ல மாதிரி ஒன்றை மதிப்பிட இது ஏற்றதே. ஆனால் காலண்டர் தாளுக்கு இதில் இடம் எங்கே? ஜேசிபி ஏன் வென்றது என்பதற்கு நடுவர்களின் ரசனையை மட்டும் குறைகூற முடியாது.

இவ்வாண்டு அதே பள்ளி நம்மிடம் வந்து, தாளை நீங்களே திருத்திக் கொடுங்கள் என்றது. முதலில் பன்னாட்டுக் கண்காட்சியின் பங்கீட்டை அப்படியே தமிழில் பெயர்த்தோம். பொறியாளர் ஐயா படித்துவிட்டு, "முறை சரியா என்று பார்க்கச் சொல்கிறீர்கள். எது சரி என்று எனக்குத் தெரியும், இவர்களுக்கு யார் சொல்வது?" என்றார். அவர் குரலில் சிறிது கர்வம் இருந்தாலும் கேள்வி சரியானது. பன்னாட்டுக் கண்காட்சியின் முதன்மைப் பரிசுகளுக்கான நடுவர்கள் முனைவர் பட்டம் பெற்றவர்கள், அல்லது துறையில் குறைந்தது ஆறாண்டு அனுபவம் உடையவர்கள். அந்தத் தாளில் தலைப்பும் சில துணைக்குறிப்புகளும் போதும். மீதி அவர்கள் தலையில் இருக்கிறது. பலதரப்பட்ட தன்னார்வலர்கள் கையில் அதே தாளைக் கொடுத்தால், தலைப்பு என்பது ஒவ்வொருவரும் தம் தொழிலை ஊற்றி நிரப்பிக்கொள்ளும் காலிக்குடம். டீடரிக்கின் 53 பேரையும் மீண்டும் கூட்டியதாகிவிடும்.

எனவே தலைப்பை விட்டுக் கட்டத்துக்குள் இறங்கினோம். நான்கு வரிசைகள் மட்டும்: வினா, ஒப்பீடு, பதிவு, விளக்கம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. 25 மதிப்பெண் வேண்டாம் என்று முடிவு செய்தோம். 17-க்கும் 18-க்கும் என்ன வேறுபாடு என்று சொல்ல முடியாத இடத்தில் அந்த வேறுபாட்டால் பரிசு மாறக் கூடாது. 'ஒப்பீடு' வரிசையை மட்டும் முழுமையாகச் சொல்கிறோம். மாணவர் ஒன்றைச் செய்துகாட்டுகிறார், எதனோடும் ஒப்பிடவில்லை என்றால் 0. இரண்டை ஒப்பிடுகிறார், ஆனால் ஒன்றுக்கு மேற்பட்டவை மாறிவிட்டன (ஒரு பானை பெரியது, மற்றது சிறியது என்பது போல) என்றால் 1. ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைத்தார், ஆனால் ஒரு முறைதான் அளந்தார் என்றால் 2. அதையே பலமுறை அளந்து, ஒத்துவராத அளவையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார் என்றால் 3. இதை முடிவுசெய்ய அறிவியல் பட்டம் வேண்டியதில்லை. இரண்டு கேள்விகள் போதும்: "எதை மாற்றினாய், எதை மாற்றாமல் வைத்தாய்?" "இன்னொரு தடவை செய்து பார்த்தாயா, அதைக் காட்டு." இந்தக் கேள்விகளையும் கட்டத்தின் அடியிலேயே அச்சிட்டோம்.

இயந்திர மாதிரிகளுக்கு இந்த வரிசை பொருந்தாது. ஜேசிபி செய்த பையனிடம் எதை மாற்றினாய் என்று கேட்பது அநியாயம். பன்னாட்டுக் கண்காட்சியும் அறிவியல் ஆய்வுக்கும் பொறியியல் படைப்புக்கும் தனித்தனித் தாள்கள் வைத்திருக்கிறது. நாமும் 'ஒப்பீடு' இருந்த இடத்தில் 'சோதனை' என்று மாற்றிய இரண்டாவது தாள் தயாரித்தோம். எவ்வளவு எடையைத் தூக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்தானா, தூக்கிப் பார்த்தானா, தூக்காதபோது எதைத் திருத்தினான் என்பவையே அதில் படிகள். வீட்டில் பெரியவர்கள் செய்து கொடுத்ததா என்ற பழைய சந்தேகத்துக்கும் மூன்றாவது கேள்வியே போதுமானது. தானே செய்தவனுக்குத் தோற்ற கதைகள் நிறைய இருக்கும்.

அழகை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. எட்வர்ட் தார்ண்டைக் 1920-இல் இராணுவ அதிகாரிகள் தம் கீழுள்ளவர்களுக்கு இட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடற்கட்டு, அறிவு, தலைமைப்பண்பு, ஒழுக்கம் எனத் தனித்தனியே கேட்டும், ஒன்றில் உயர்ந்தவர் எல்லாவற்றிலும் உயர்ந்திருந்தார். இதைத்தான் ஒளிவட்ட விளைவு என்கிறார்கள். பளபளக்கும் தெர்மாகோல் பலகையின் ஒளி, பார்க்காத ஏட்டின் மீதும் விழுகிறது. செய்நேர்த்திக்குத் தனி வரிசை கொடுத்தாலும் இந்தக் கசிவு நிற்பதில்லை. நாம் செய்தது சிறிய காரியம்: நடுவர் முதலில் மாணவரின் குறிப்பேட்டைக் கேட்டு வாங்க வேண்டும், பலகையைப் பிறகுதான் பார்க்க வேண்டும். எண்ணை எழுதுமுன் கண்டதை ஒரு வரியில் எழுத வேண்டும். "நன்று" என்பது வரியாகாது. "ஐந்து நாள், நாளுக்கு நான்கு அளவு" என்பது வரி.

பிறகு நேரம். கண்காட்சியில் 36 படைப்புகள், ஆறு நடுவர்கள். ஒவ்வொரு படைப்பையும் மூவர் பார்க்க வேண்டுமானால் 108 சந்திப்புகள், ஒருவருக்கு 18. ஐந்து நிமிடப் பேச்சு, இரண்டு நிமிட எழுத்து, ஒரு நிமிட நடை என்றால் 144 நிமிடங்கள். பள்ளி ஒதுக்கியிருந்தது இரண்டு மணி நேரம். சென்ற ஆண்டு கடைசி வரிசைப் பிள்ளைகளிடம் யாரும் ஒரு நிமிடத்துக்கு மேல் பேசவில்லை என்பதன் காரணம் இந்தக் கூட்டலில் இருக்கிறது. மூன்று மணி நேரம் கேட்டு வாங்கினோம், நடுவில் தேநீர்.

கண்காட்சிக்கு முந்தைய சனிக்கிழமை, ஆறு பேரும் கூடிச் சென்ற ஆண்டுப் படைப்புகள் இரண்டைப் புகைப்படம், குறிப்பேடு ஆகியவற்றைக் கொண்டு மதிப்பிட்டுப் பார்த்தோம். யாரும் பேசக்கூடாது, எழுதிய பின் எல்லோரும் ஒரே நேரத்தில் தாளைத் திருப்ப வேண்டும். பானைச் சிறுமியின் 'ஒப்பீடு' வரிசையில் ஐவர் 3, ஒருவர் 1. அந்த ஒருவர் வங்கி ஊழியர். "மழை நாளில் காற்றின் ஈரம் மாறிவிட்டதே, ஒன்றுக்கு மேற்பட்டது மாறியது என்றுதானே தாள் சொல்கிறது?" என்றார். நாங்கள் வாயடைத்துப் போனோம். தாளின்படி அவர் சொன்னதும் சரி. மழை மூன்று பாத்திரங்களுக்கும் ஒன்றாகவே பெய்தது என்று வேதியியல் மாணவர் விளக்கினார். உடனே கட்டத்தின் சொற்களை மாற்றினோம்: "ஒப்பிடும் பொருள்களுக்கு இடையே ஒன்றுக்கு மேற்பட்ட வேறுபாடு" என்று. ஒத்திகையின் பயன் நடுவரைத் திருத்துவதை விடத் தாளைத் திருத்துவதிலேயே அதிகம் என்று அன்று தெரிந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று தங்கிவிடும். எல்லோரும் ஒன்றையே பார்த்தாலும் கை இறுகியவர் உண்டு, கை தாராளமானவர் உண்டு. எளிய எண்களில் ஓர் எடுத்துக்காட்டு. 12-க்கு மதிப்பிடும்போது, முதல் நடுவர் தாம் பார்த்த 18 படைப்புகளுக்கும் சராசரியாக 5 இடுகிறார், இரண்டாமவர் 8, மூன்றாமவர் 6.5, நான்காமவர் 7.5, ஐந்தாமவர் 8. பானைப் படைப்பு முதல் மூவரிடம் 7, 9, 8 பெறுகிறது, கூட்டினால் 24. இயந்திர மாதிரி இரண்டாம், நான்காம், ஐந்தாம் நடுவர்களிடம் 9, 8, 9 பெறுகிறது, கூட்டினால் 26. மாதிரி வென்றுவிட்டது. இப்போது ஒவ்வொரு மதிப்பெண்ணிலிருந்தும் அந்த நடுவரின் சராசரியைக் கழியுங்கள். பானைக்கு 2, 1, 1.5, மொத்தம் 4.5. மாதிரிக்கு 1, 0.5, 1, மொத்தம் 2.5. முடிவு தலைகீழாகிறது. இந்தக் கழித்தலுக்கு ஒரு நிபந்தனை உண்டு: எந்த நடுவருக்கு எந்தப் படைப்பு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்திருக்க வேண்டும். ஒருவருக்கு ஆறாம் வகுப்பு முழுவதையும் கொடுத்திருந்தால் அவருடைய தாழ்ந்த சராசரி கடுமையைக் காட்டாது. சிறு பிள்ளைகளின் வயதைக் காட்டும். அப்போது கழித்தால் அநியாயம் இரட்டிப்பாகும். குலுக்கினாலும் 18 என்பது சிறிய எண்தான். அதனால் அரைப் புள்ளி வேறுபாட்டில் நின்ற படைப்புகளுக்கு எண்ணை நம்பாமல் ஆறு பேரும் சேர்ந்து மீண்டும் போய்ப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம்.

டீடரிக்கின் மீது ஒரு குறை சொல்லப்பட்டதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். பாப் பிராட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2003-இல் வெளியிட்ட நூலில், ரூப்ரிக்குகள் உடன்பாட்டைத் தேடிப் படிப்பவர் உண்மையில் மதிப்பதை வெட்டி எறிந்துவிட்டன என்று வாதிட்டார். இலக்கியம் படித்த நமக்கு அந்த வாதம் உறைக்கிறது. ஐந்து குழுக்களில் தனிச்சுவையைத் தேடிய குழுவும் ஒன்று. நம் நான்கு வரிசைகளில் அதற்கு இடமில்லை. பொறியாளர் ஐயா வேண்டாமென்றார், செவிலியர் வேண்டுமென்றார். கடைசியில் தாளின் அடியில் மதிப்பெண் இல்லாத ஒரு வெற்று வரி விட்டோம்: "இந்தத் தாள் கேட்காத ஒன்றைக் கண்டீர்களா?"

கண்காட்சி முடிந்தபின் தாள்களை எண்ணினோம். 108 தாள்களில் 31-இல் அந்த வரி நிரப்பப்பட்டிருந்தது. பலவற்றில் "நல்ல குரல்", "தன்னம்பிக்கை" போன்ற வழக்கமான சொற்கள். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாளில் மட்டும், எறும்புகள் சர்க்கரையை விட்டுக் கருப்பட்டிக்குப் போனதைப் பற்றிய ஆய்வு அது, மூன்று நடுவர்களும் கலந்து பேசாமல் ஒரே செய்தியை எழுதியிருந்தார்கள்: தன் கணிப்பு பொய்த்ததைச் சொல்லும்போது அவன் சிரித்தான். அவனுக்கு 12-க்கு 6, 7, 6. அடுத்த ஆண்டுத் தாளில் இதற்கு ஒரு வரிசை வைப்பதா, வைத்தால் 0-க்கும் 3-க்கும் இடையில் என்ன எழுதுவது என்று ஆறு பேரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.